பியாஜேயின் பருவங்கள்: கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிஸ், நாலு பருவத்தையும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுங்களேன்?

சரி. பிள்ளைகளின் சிந்தனை வளரும் விதத்தை உளவியலாளர் பியாஜே நாலு பருவமாகப் பிரித்தார். பிறந்ததிலிருந்து ஏறத்தாழ 2 வயது வரை புலனியக்கப் பருவம். குழந்தை தொட்டும் வாயில் வைத்தும் எறிந்தும் உலகத்தை அறிகிறது. 2 முதல் 7 வரை முன்செயற்பாட்டுப் பருவம். பேச்சும் பாவனை விளையாட்டும் வந்துவிடும், ஆனால் கண்ணுக்கு எது பெரிதாகத் தெரிகிறதோ அதுவே முடிவு. 7 முதல் 11 வரை தூல செயற்பாட்டுப் பருவம். கையில் பொருள் இருந்தால் தர்க்கமாக யோசிக்கும். அதற்குப் பிறகு நியம செயற்பாட்டுப் பருவம். "இப்படி இருந்தால் என்ன நடக்கும்" என்று இல்லாததையும் வைத்து யோசிக்க முடியும். இதற்கு மேல் வரைவிலக்கணம் வேண்டுமென்றால் உங்கள் விரிவுரைக் குறிப்பில் நிறைய இருக்கும். இந்தப் பக்கத்தில் முக்கியமாகப் பார்க்கப் போவது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாண்டும் இடம், ஏனென்றால் ஆரம்பப் பிரிவில் நிற்கிறவர்களுக்குத் தரம் 1, 2, 3 முழுக்க அந்த வாசற்படியில்தான் போகிறது.

வயதெல்லையைப் பாடமாக்கினால் போதாதா? பரீட்சையில் அதைத்தானே கேட்கிறார்கள்?

பரீட்சைக்குப் போதும், வகுப்புக்குப் போதாது. பியாஜே உறுதியாகச் சொன்னது பருவங்கள் வரும் ஒழுங்கைத்தான். வயது ஏறத்தாழ ஒரு கணக்கு, இடத்துக்கு இடம் முன்பின்னாகும் என்பதை அவரே ஏற்றுக்கொண்டார்.

அவர் இந்த விஷயத்துக்குள் வந்த கதை தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். சுவிற்சர்லாந்துக்காரரான அவர் 1920ஆம் ஆண்டளவில் பாரிசில் பிள்ளைகளுக்கான நுண்ணறிவுச் சோதனை வினாக்களைச் சீர்ப்படுத்தும் வேலையில் இருந்தார். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணுவதுதான் வேலை. அவருக்கோ பிழையான விடைகள்தான் சுவாரசியமாக இருந்தன, ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியான பிழையை விட்டார்கள், கொஞ்சம் மூத்த பிள்ளைகள் அந்தப் பிழையை விடவில்லை. "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று அவர் கதைக்கத் தொடங்கியதுதான் பிறகு ஆய்வு முறையாகவே ஆனது. ஆகவே ஒரு பிள்ளை எந்தப் பருவம் என்பதைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு வேலையைக் கொடுத்து, விடையைக் கேட்டு, அதைவிட முக்கியமாகக் காரணத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

தரம் 2 பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் கோப்பைச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிச் செய்வது?

பத்தில் எட்டுப் பேர் இதை அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாத்திரத்தை முதலில் தெரிவுசெய்யுங்கள். ஒரே மாதிரியான கண்ணாடிக் கிளாஸ் இரண்டு, அவற்றைவிட ஒடுங்கி உயர்ந்த ஒன்று. எவ்வளவு ஒடுக்கம் என்பதைக் கணக்குப் பார்த்தே வாங்குங்கள். கிளாஸின் உள்விட்டம் 6 சென்ரிமீற்றர், அதில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒடுங்கிய கிளாஸில் ஊற்றினால் 11 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே ஏறும். பிள்ளையின் கண்ணை இழுக்க அது தாராளமாகப் போதும். 3 சென்ரிமீற்றர் கிளாஸ் என்றால் 20 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். கொள்ளாமல் மேசையில் வழியும், ஒரு துளி வழிந்தாலும் பிள்ளை "குறைந்துவிட்டது" என்று சொல்வது சரியான விடையாகிவிடும், உங்கள் சோதனை அதோடு முடிந்தது. தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு சர்பத் கலந்தால் மட்டம் நன்றாகத் தெரியும்.

அப்புறம், இரண்டு ஒரே மாதிரிக் கிளாஸிலும் ஊற்றிவிட்டு, "இது உனக்கு, அது தங்கச்சிக்கு. ரெண்டு பேருக்கும் குடிக்கிறதுக்கு ஒரே அளவு இருக்கா?" என்று கேளுங்கள். பிள்ளை "இல்லை, இதில் கொஞ்சம் கூட" என்றால் ஒரு கரண்டியைக் கொடுத்து அதன் கையாலேயே சரிப்படுத்த விடுங்கள். "ஒரே அளவு" என்று பிள்ளை தானாகச் சொல்லும் வரைக்கும் அடுத்த படிக்குப் போகவே கூடாது. இந்த ஒப்புதல் இல்லாமல் செய்த சோதனையில் பிறகு என்ன விடை வந்தாலும் அதற்குப் பொருளில்லை.

இனி பிள்ளையின் கண் முன்னாலேயே ஒரு கிளாஸில் இருப்பதை ஒடுங்கிய கிளாஸில் ஊற்றுங்கள். வெறுங்கிளாஸைத் தள்ளி வையுங்கள். இப்போது கேள்வி: "இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே அளவா, இல்லாட்டி ஒருத்தருக்குக் கூடவா?" இரண்டு தெரிவும் கேள்விக்குள் இருக்க வேண்டும். "எதில் கூட?" என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்றில் கூட என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். குடிப்பதைப் பற்றியே கேளுங்கள், உயரத்தைப் பற்றிய பேச்சே உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

விடை வந்ததும் "எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் மிகக் கஷ்டம், எங்களுக்கு மௌனம் தாங்காது. கடைசியாக எதிர்க்கருத்து ஒன்றை வையுங்கள். சரியாகச் சொன்ன பிள்ளையிடம், "நேற்று ஒரு பிள்ளை இது உயரமாக இருக்கிறபடியால் கூட என்று சொன்னதே, அது சரியா?" பிழையாகச் சொன்ன பிள்ளையிடம், "ஒரு பிள்ளை ஊற்றினது அதே தண்ணிதானே என்று சொன்னதே?" விடை அசைகிறதா, ஊன்றி நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பிள்ளைகள் சொல்லும் விடையை எப்படி வாசிப்பது? "சரி", "பிழை" என்று இரண்டே பெட்டிதானா?

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் ஆசிரியருக்கு மிகப் பயனுள்ளது. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 2 என்று வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் பிள்ளை தயங்காமல் ஒடுங்கிய கிளாஸைக் காட்டி, "இதுதான் கூட, இவ்வளவு மேல வந்திட்டுது" என்கிறது. எதிர்க்கருத்தைச் சொன்னாலும் அசையவில்லை. உயரம் என்ற ஒரே பக்கத்தில் கவனம் ஒட்டிக்கொண்டது, அகலம் குறைந்ததைக் கண் கண்டாலும் கணக்கில் எடுக்கவில்லை. இது முன்செயற்பாட்டு விடை.

இன்னொரு பிள்ளை, "அதே தண்ணிதான் மிஸ், நீங்கள் ஒன்றும் சேர்க்கவில்லையே" என்கிறது. இல்லாவிட்டால், "திரும்ப அதில் ஊற்றினால் பழையபடி வரும்" என்கும். இல்லாவிட்டால், "உயரம்தான், ஆனால் மெல்லிசு" என்கும். சேர்க்கவும் இல்லை எடுக்கவும் இல்லை, திருப்பி ஊற்றலாம், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று இந்த மூன்று காரணங்களில் எது வந்தாலும் அது தூல செயற்பாட்டு விடை. சில பிள்ளைகள் எங்களைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்பது போலச் சிரிக்கும். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், அது நல்ல சான்று.

நடுவில் இருக்கும் பிள்ளை "ஒரே அளவு" என்று தொடங்கும், கிளாஸைப் பார்க்கும், "இல்லை, இது கூட" என்கும். அல்லது "ஒரே அளவு" என்று சொல்லிவிட்டுக் காரணம் கேட்டால் உங்கள் முகத்தைப் பார்க்கும். இந்தப் பிள்ளைதான் தாண்டிக்கொண்டிருக்கிற பிள்ளை. பழைய எண்ணமும் புதிய எண்ணமும் ஒரே நேரத்தில் மோதுகின்றன, உங்கள் பாடம் அதிகம் வேலை செய்யப் போவது இங்கேதான். காரணம் கேட்காமல் விட்டிருந்தால் இதைச் "சரி" பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்திருப்பீர்கள்.

பிழையாகச் சொன்ன பிள்ளைக்குச் சரியான விடையை விளங்கப்படுத்திவிட்டால் என்ன?

விளங்கப்படுத்தலாம், பிள்ளையும் அடுத்த தடவை "ஒரே அளவு" என்று சொல்லிவிடும். பிறகு தண்ணீருக்குப் பதிலாகச் சோற்றரிசியை அகலமான ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டிக் கேளுங்கள், பழைய விடை திரும்பி வரும். சொல்லை மாற்றியிருக்கிறோம், எண்ணக்கருவை மாற்றவில்லை.

உதவக்கூடிய ஒரு வழி, ஊற்றுவதற்கு முன்பே ஊகிக்கச் சொல்வது. ஒடுங்கிய கிளாஸின் மேல் ஓர் இறப்பர் வளையத்தைப் போட்டு, "தண்ணி எதுவரை வரும், வளையத்தை அங்கே வை" என்று பிள்ளையிடமே விடுங்கள். பெரும்பாலும் பழைய கிளாஸில் இருந்த அதே உயரத்தில் வைக்கும். ஊற்றினால் வளையத்தைத் தாண்டிப் போகும். அந்த வியப்பு உங்கள் விளக்கத்தைவிடப் பெறுமதி. அப்புறம் திருப்பி ஊற்றச் சொல்லுங்கள், பிள்ளையே பல தடவை முன்னும் பின்னும் ஊற்றட்டும்.

இன்னொன்று மறைத்துக் கேட்பது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூணரின் குழுவினர் 1960களில் செய்த சோதனையில், கிளாஸ்களின் வாய் மட்டும் தெரியும்படி திரை வைத்து, நீர்மட்டம் தெரியாமல் ஊற்றிவிட்டுக் கேட்டார்கள். கண்ணை ஏமாற்ற ஒன்றும் இல்லாததால் நிறையப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். திரையை எடுத்தபோது 4 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பழைய விடைக்கே திரும்பினார்கள், 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பலர் சொன்ன விடையில் நின்றார்கள். ஒரு பழைய பெட்டி மட்டையை வெட்டினால் உங்களுக்குத் திரை தயார்.

தண்ணீருக்குப் பிழையாகச் சொன்ன அதே பிள்ளை புளியங்கொட்டைக்குச் சரியாகச் சொல்கிறதே, அப்போ அது எந்தப் பருவம்?

இரண்டு விடையும் உண்மைதான். இரண்டு வரிசையில் சமனாகப் புளியங்கொட்டை வைத்து ஒரு வரிசையை மட்டும் விரித்து வைத்தால், எண்ணிக்கை மாறவில்லை என்பது 6 வயதளவில் பிடிபடுகிறது. தண்ணீரும் களிமண்ணும் 7 அல்லது 8. உருண்டையைத் தட்டையாக்கினால் நிறை மாறாது என்பது 9, 10 ஆகும். நீரில் அமிழ்த்தினால் இடம்பெயரும் கனவளவு இன்னும் பிந்தி 11, 12. தர்க்கம் ஒன்றுதான், பொருளுக்குப் பொருள் நேரம் வேறு. பியாஜேக்கே இது ஒரு தலையிடியான விஷயம், பெயர் வைத்தாரே தவிர ஏன் என்று திருப்தியாக விளக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்கு இதில் உள்ள பாடம் இது: "இந்தப் பிள்ளை தூல செயற்பாட்டுப் பருவம்" என்று முழுப் பிள்ளைக்கும் லேபல் ஒட்டாதீர்கள். "எண்ணிக்கையில் மாறாத்தன்மை வந்துவிட்டது, திரவத்தில் இன்னும் இல்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் நாளைக்கு என்ன செய்வது என்று தெரியும். எண்ணிக்கை பிடிபட்ட பிள்ளையோடு கூட்டல் கழித்தல் தாராளமாகச் செய்யலாம். திரவம் பிடிபடாத பிள்ளையிடம் அகலமான சட்டியையும் ஒடுங்கிய போத்தலையும் காட்டி "இரண்டும் 1 லீற்றர்" என்று சொன்னால், கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதும், நம்பாது. அந்தப் பிள்ளைக்கு ஒரே யோகட் கோப்பையால் இரண்டையும் எண்ணி எண்ணி நிரப்பும் வேலையைக் கொடுங்கள். சட்டிக்கும் பத்து, போத்தலுக்கும் பத்து என்று வந்தால், தான் ஏற்கெனவே நம்பும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, நம்பாத திரவத்துக்கு நகர்ந்து வரும்.

வகுப்பில் 40 பிள்ளைகள். ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. கணிதத்தில் முன்னே நிற்கிற இரண்டு, நடுவில் இரண்டு, தடுமாறுகிற இரண்டு என ஆறு பேரை எடுங்கள். மற்றவர்கள் சித்திரம் கீறும் நேரத்தில் பின்வாங்கில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். முடித்த பிள்ளை உடனே போய் வாங்குத் தோழனிடம் விடையைச் சொல்லிவிடும், இதைத் தடுக்க முடியாது. ஆகவே இரண்டாவது ஆளிலிருந்து பொருளை மாற்றுங்கள், ஒருவருக்குத் தண்ணீர், அடுத்தவருக்குக் களிமண் உருண்டை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிடிபடுவதால் ஒப்பிடலாம்.

முழு வகுப்பின் முன்னால் மட்டும் செய்து காட்டாதீர்கள். ஒருவன் சத்தமாக "ஒரே அளவு!" என்றால் நாற்பது பேரும் "ஒரே அளவு!" என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

பியாஜே பிழை என்று இப்போது சொல்கிறார்களே? கட்டுரையில் அதையும் எழுத வேண்டுமா?

எழுதத்தான் வேண்டும், ஆனால் "பலர் விமர்சித்துள்ளனர்" என்ற ஒற்றை வரியோடு நிற்காதீர்கள். 1974இல் வெளிவந்த மக்கரிகல், டொனால்ட்சன் ஆய்வு ஒன்றே போதும். வழமையான சோதனையில் பெரிய ஆள் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை விரித்துவிட்டு, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறார். பிள்ளை என்ன நினைக்கும்? மிஸ் ஏதோ மாற்றினா, திரும்பவும் கேட்கிறா, அப்போ விடையும் மாற வேண்டும் போல. ஆகவே அவர்கள் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையைப் பெட்டியிலிருந்து வரவிட்டு, அது வரிசையைக் குழப்பியது போலச் செய்தார்கள். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சரியாகச் சொன்னவர்கள் மிகவும் கூடிவிட்டார்கள். கரடி வந்த பரபரப்பில் பிள்ளை வரிசையைக் கவனிக்காமலே விட்டிருக்கலாம் என்ற எதிர்வாதமும் உண்டு, ஆகவே இதையும் கடைசி வார்த்தையாக எடுக்க வேண்டாம்.

கற்பித்தல் பயிற்சியில் இதன் பயன் நேரடியானது. நீங்கள் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் பிள்ளைக்கு அது "முதல் விடை பிழை" என்ற சைகை. சரியாகச் சொன்ன பிள்ளையிடமும் காரணம் கேட்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால் அந்தச் சைகை மெல்ல மறைந்துவிடும்.

பழக்கத்தின் பங்கும் இருக்கிறது. 1969இல் மெக்சிக்கோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், களிமண் மாறாத்தன்மையில் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். உங்கள் வகுப்பில் புறக்கோட்டையில் வீட்டாரோடு கடையில் நிற்கிற பிள்ளை இருந்தால் நூறு ரூபாய்த் தாள் ஒன்றும் இருபது ரூபாய்த் தாள் ஐந்தும் சமன் என்பதில் அது ஏமாறாது. அதே வயதில் காசையே தொடாத பிள்ளை ஐந்து தாளையும் அள்ளிக்கொள்ளலாம்.

நான் தரம் 8 விஞ்ஞானம். எனக்குத் தண்ணீர்க் கோப்பை உதவாதே?

உங்களுக்கு ஊசல். பியாஜேயும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த இன்ஹெல்டரும் பதின்ம வயதினருக்குக் கொடுத்த சோதனைதான் இது: நூலின் நீளம், பாரம், விடும் உயரம், தள்ளும் விசை ஆகிய நான்கில் ஊசல் ஒரு தடவை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை எது மாற்றுகிறது? பஞ்சிகாவத்தையில் வாங்கிய நட்டு நாலைந்தும் தையல் நூலும் போதும்.

குழுக்களிடம் கொடுத்துவிட்டுச் சும்மா பாருங்கள். ஒரு குழு நீள நூலில் பெரிய நட்டைக் கட்டும், அடுத்ததாகக் குட்டை நூலில் சின்ன நட்டைக் கட்டும், "பாரம் கூடினால் மெதுவாக ஆடும்" என்று முடிவெடுக்கும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினார்கள். தூல செயற்பாட்டில் இருப்பவர்கள் செய்வது இதுதான், பொருளோடு நன்றாக வேலை செய்வார்கள், ஆனால் மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற திட்டம் தானாக வராது. நியம செயற்பாட்டுக்கு வந்த பிள்ளை தொடுவதற்கு முன்பே சேர்மானங்களை யோசிக்கும். 12 வயதானதும் எல்லாருக்கும் இது வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், வளர்ந்தவர்களிலேயே பழக்கமில்லாத விஷயத்தில் நிறையப் பேர் இதைச் செய்வதில்லை.

விடையைச் சொல்லாமல், "பாரத்தால்தான் என்று எப்படித் தெரியும், நீளத்தால் இல்லையா?" என்று மட்டும் கேளுங்கள். எதை மாற்றினோம், எதை மாற்றாமல் வைத்தோம், 10 அலைவுக்கு எத்தனை செக்கன் என்று மூன்று நிரல் போட்ட அட்டவணையைக் கொடுங்கள். நூல் 25 சென்ரிமீற்றர் என்றால் 10 அலைவுக்கு ஏறத்தாழ 10 செக்கன், 1 மீற்றர் என்றால் ஏறத்தாழ 20. நீளத்தை நட்டின் நடுவரைக்கும் அளக்க வேண்டும். பாரத்தைக் கூட்டும்போது நட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடாமல் பக்கம் பக்கமாகக் கட்டச் சொல்லுங்கள், கீழே தொங்கினால் ஊசலின் நீளமே கூடிவிடும், பாரம்தான் காரணம் என்று அளவீடே பிள்ளைக்குச் சாட்சி சொல்லும். ஆட்டத்தையும் சிறிதாக வையுங்கள்; அகலமாக இழுத்துவிட்டால் நேரம் கொஞ்சம் கூடும், "விடும் உயரம் முக்கியமில்லை" என்ற முடிவு குழம்பும்.

புலனியக்கப் பருவத்துக்கும் உதாரணம் எழுதச் சொல்கிறார்களே, பாடசாலையில் அந்த வயதுப் பிள்ளையே இல்லையே?

வீட்டு உதாரணம் எழுதுங்கள். கிலுகிலுப்பையைத் துணியால் மூடினால் 5 மாதக் குழந்தை தேடாது, 9, 10 மாதத்தில் துணியை இழுத்துத் தேடும். பொருள் மறைந்தாலும் இருக்கிறது என்பது பிடிபட்டுவிட்டது. அவ்வளவு போதும், இதில் நேரத்தை விரயமாக்க வேண்டாம்.

பாடக்குறிப்பில் இதையெல்லாம் எந்த இடத்தில் எழுதுவது? மேற்பார்வைக்கு வருகிறவர் "அறிகை விருத்தியைக் கவனத்தில் எடுத்தீர்களா" என்று கேட்கிறார்.

முன்னறிவுப் பகுதியில். "மாணவர் தூல செயற்பாட்டுப் பருவத்தில் உள்ளனர்" என்று எல்லாக் குறிப்பிலும் ஒரே வரியை எழுதுகிறவர்கள் நிறைய, வருகிறவர் அதை வாசிப்பதே இல்லை. பதிலாக இப்படி எழுதுங்கள்: "தரம் 2, கொள்ளளவு. ஆறு பிள்ளைகளுடன் கதைத்ததில் இருவர் திரவ மாறாத்தன்மைக்குக் காரணம் சொன்னார்கள், இருவர் விடையை மாற்றினார்கள், இருவர் உயரத்தை மட்டும் பார்த்தார்கள். எண்ணிக்கையில் ஆறு பேரும் சரி. ஆகவே லீற்றர் என்ற அலகை இன்று அறிமுகப்படுத்தவில்லை. யோகட் கோப்பையால் நிரப்பி எண்ணும் செயற்பாடு, ஒவ்வொரு குழுவிலும் விடையை மாற்றக்கூடிய நிலையில் உள்ள ஒருவர் ஊற்றுபவர்." கூடவே எந்தப் பிள்ளை என்ன காரணம் சொன்னது என்பதை அதன் சொல்லிலேயே ஒரு துண்டில் எழுதி குறிப்போடு ஒட்டிவிடுங்கள். கேள்வி கேட்டால் அந்தத் துண்டைக் காட்டலாம்.